ஒரே நாடா, இரண்டு சாய்வு: திசைவேகத்தை எந்த நேரத்துக்கு எதிரே எழுதுவது?

கேள்வி: சாய்தளத்தில் ட்ராலியை விட்டு டிக்கர் டைமர் நாடாவில் புள்ளி எடுத்தோம். 5 இடைவெளிக்கு ஒரு குறி, அதாவது 0.1 வினாடிக்கு ஒன்று. தொடக்கக் குறியிலிருந்து தூரம் (செ.மீ.): 1.6, 4.1, 7.2, 11.2, 15.9, 21.6, 28.0, 35.1. நான் ஒவ்வொன்றையும் அதன் நேரத்தால் வகுத்துத் திசைவேகம் கண்டு வரைபடம் போட்டேன். நேர்க்கோடு அழகாக வந்தது, சாய்வு 40. அதே நாடாவை வைத்து என் நண்பருக்குச் சாய்வு 79 வருகிறது. என் கோடு y அச்சை 12-இல் வெட்டுகிறது, அவருடையது 8-இல். இரண்டுமே ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. யாருடையது சரி? சாய்தளம் 1.5 மீ நீளம், ஒரு முனை 15 செ.மீ. உயரம்.

பதில்:

சாய்வு உங்கள் நண்பருடையது சரி. y அச்சை வெட்டும் இடம் உங்களுடையது சரி. ஆளுக்குப் பாதி சரி, ஆளுக்குப் பாதி தவறு. வேடிக்கை என்னவென்றால் இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான்: கண்டுபிடித்த திசைவேகத்தை அதற்கு உரிய நேரத்துக்கு எதிரே எழுதாமல் வேறொரு நேரத்துக்கு எதிரே எழுதியிருக்கிறீர்கள்.

தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரித் திசைவேகம். ட்ராலி வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே அந்தச் சராசரி, காலத்துண்டின் தொடக்கத்தில் இருந்த வேகமும் அல்ல, முடிவில் இருந்த வேகமும் அல்ல. முடுக்கம் மாறாமல் இருந்தால் ட்ராலி சரியாக அந்தக் காலத்துண்டின் நடுவில் அந்த வேகத்தில் போயிருக்கும். வாய்ப்பாட்டிலேயே இது தெரியும். s = ut + ½at² என்பதை t-ஆல் வகுத்தால் s/t = u + a(t/2). இதை v = u + at என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். s/t என்பது t நேரத்துத் திசைவேகம் அல்ல, t/2 நேரத்துத் திசைவேகம்.

உங்கள் அட்டவணைக்கு இனி வருவோம். 0.8 வினாடியில் 35.1 செ.மீ., வகுத்தால் 43.9 செ.மீ./வி. இதை நீங்கள் 0.8-க்கு எதிரே எழுதினீர்கள். ஆனால் ட்ராலி அந்த வேகத்தில் போனது 0.4 வினாடியில். 0.6-க்கு எதிரே எழுதிய 36.0, உண்மையில் 0.3-க்கு உரியது. இப்படி எல்லாப் புள்ளிகளும் அவை இருக்கவேண்டிய இடத்திலிருந்து வலப்பக்கம் இழுபட்டு, நேர அச்சில் இரண்டு மடங்கு தள்ளிப் போய்விட்டன. கிடைமட்டமாக இரண்டு மடங்கு நீட்டிய நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும், சாய்வு மட்டும் பாதியாகும். 79-இல் பாதி ஏறக்குறைய 40. நீட்டும்போது t = 0 என்ற இடம் நகர்வதில்லை, அதனால் y அச்சை வெட்டும் 12 கெடவில்லை.

இந்தத் தவறின் ஆபத்தே, கோடு நேராக வந்துவிடுவதுதான். கோணலாக வந்திருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். புள்ளிகள் ஒரே கோட்டில் வரிசையாக உட்கார்ந்ததைப் பார்த்ததும், சோதனை நன்றாக நடந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். நேர்க்கோடு சொல்வது முடுக்கம் மாறவில்லை என்பதை மட்டுமே. நெடுக்கு அச்சில் நீங்கள் எழுதிய பெயர் சரியா என்பதை அது சொல்லாது.

உங்கள் வரைபடத்தைக் கிழித்துப் போடவும் வேண்டாம். நெடுக்கு அச்சுக்கு 'திசைவேகம்' என்ற பெயரை அடித்துவிட்டு 's/t' என்று எழுதி, சாய்வு a/2 என்று குறித்து, இரண்டால் பெருக்கினால் முடுக்கம் வந்துவிடும். ஆனால் கேட்டிருப்பது திசைவேகம்–நேரம் வரைபடம் என்றால் அட்டவணையைத் திருத்தித்தான் ஆகவேண்டும்.

உங்கள் நண்பர் செய்தது வேறு. அவர் அடுத்தடுத்த குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை எடுத்து 0.1-ஆல் வகுத்திருப்பார்: 16, 25, 31, 40 என்று. இது சரியான வழி. ஆனால் அவற்றை 0.1, 0.2, 0.3 என்று ஒவ்வொரு துண்டின் முடிவு நேரத்துக்கு எதிரே வைத்துவிட்டார். உரிய நேரங்கள் 0.05, 0.15, 0.25. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவாக, 0.05 வினாடி வலப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. கோடு முழுவதும் அப்படியே நகர்ந்தால் சாய்வு மாறாது. ஆனால் y அச்சில் வெட்டும் இடம் 79 × 0.05, அதாவது சுமார் 4 செ.மீ./வி இறங்கிவிடும். 12 என்பது 8 ஆனது அப்படித்தான்.

அட்டவணை இப்படி இருக்கவேண்டும்:

| துண்டு | குறியின் நேரம் (வி) | தொடக்கக் குறியிலிருந்து தூரம் (செ.மீ.) | துண்டின் நீளம் (செ.மீ.) | நடு நேரம் (வி) | திசைவேகம் (செ.மீ./வி) |
|---|---|---|---|---|---|
| 1 | 0.10 | 1.6 | 1.6 | 0.05 | 16 |
| 2 | 0.20 | 4.1 | 2.5 | 0.15 | 25 |
| 3 | 0.30 | 7.2 | 3.1 | 0.25 | 31 |
| 4 | 0.40 | 11.2 | 4.0 | 0.35 | 40 |
| 5 | 0.50 | 15.9 | 4.7 | 0.45 | 47 |
| 6 | 0.60 | 21.6 | 5.7 | 0.55 | 57 |
| 7 | 0.70 | 28.0 | 6.4 | 0.65 | 64 |
| 8 | 0.80 | 35.1 | 7.1 | 0.75 | 71 |

வரைபடத்துக்குப் போவது கடைசி இரண்டு நிரல்கள் மட்டும். குறியின் நேரத்தையும் நடு நேரத்தையும் தனித்தனி நிரலாக எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. பல பதிவேடுகளில் 'நேரம்' என்று ஒரே நிரல்தான் இருக்கும். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

தூரத்தை நீங்கள் ஒரே தொடக்கக் குறியிலிருந்து அளந்தது நல்ல முறை. அளவுகோலை ஒருமுறை வைத்து எல்லாக் குறிகளையும் படித்துவிட வேண்டும், கழித்தல் பிறகு. ஒவ்வொரு துண்டுக்கும் அளவுகோலை நகர்த்தி வைத்தால், வைக்கும்போதெல்லாம் ஒரு புதிய பிழை சேரும். ஆனால் இந்த முறைக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு குறியைச் சற்றுத் தள்ளிப் படித்துவிட்டால், அதற்கு முந்தைய துண்டு நீளும், அடுத்த துண்டு அதே அளவு குறுகும். உங்கள் நாடாவிலேயே பாருங்கள்: இரண்டாவது துண்டு 25, கோட்டுக்குச் சற்று மேலே, மூன்றாவது 31, சற்றுக் கீழே. இரண்டுக்கும் பொதுவான 4.1 என்ற குறி பெரும்பாலும் 4.0 ஆக இருந்திருக்கும். அதேபோல் 47 கீழே, 57 மேலே. இடையில் இருக்கும் 15.9-ஐ ஒரு மில்லிமீட்டர் குறைத்துப் படித்திருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நின்றால், ட்ராலி ஏதோ குலுங்கியது என்று நினைக்கவேண்டாம், அளவுகோலை மறுபடி வைத்துப் பாருங்கள். ஆனால் பார்க்காமலே 4.0 என்று திருத்தி எழுதிவிடக் கூடாது. நாடா கையில் இருக்கும்வரை அளக்கலாம். நாடா போய்விட்டால் பதிவு செய்ததுதான் பதிவு.

எண்ணும்போது இன்னொரு சறுக்கல் உண்டு. எண்ணவேண்டியது புள்ளிகளை அல்ல, இடைவெளிகளை. தொடக்கப் புள்ளியை 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால் ஐந்தாவது புள்ளிக்கு வரும்போது நான்கு இடைவெளிதான் கடந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடி வினாடிக்கு 50 புள்ளி குத்தும் டைமரில் அது 0.08 வினாடி, 0.1 அல்ல. இதை 0.1 என்று வைத்துக் கணக்கிட்டால் திசைவேகம் 0.8 மடங்காகும், நேர அச்சும் தவறாக நீளும், இரண்டும் சேர்ந்து சாய்வு 0.64 மடங்காகிவிடும். 79 வரவேண்டிய இடத்தில் 51 வரும். கோடு இங்கேயும் நேராகத்தான் இருக்கும். தொடக்கப் புள்ளியில் '0' என்று எழுதிவிட்டு அடுத்த புள்ளியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள்.

இப்போது வரைபடம். நேரம் 0 முதல் 0.8 வினாடி வரை, திசைவேகம் 0 முதல் 80 செ.மீ./வி வரை. x அச்சில் 1 செ.மீ. = 0.05 வி, y அச்சில் 1 செ.மீ. = 5 செ.மீ./வி என்று எடுத்தால் இரு பக்கமும் 16 செ.மீ. வரும், வரைபடத் தாளில் நன்றாக நிரம்பும். சிறு கட்டம் ஒன்று 0.005 வி, 0.5 செ.மீ./வி, படிக்க எளிது. 1 செ.மீ. = 3 அல்லது 7 என்று எடுத்தால் புள்ளி குறிக்கும்போதும், பிறகு கோட்டிலிருந்து மதிப்புப் படிக்கும்போதும் மனக்கணக்கில் தடுக்கி விழுவீர்கள். புள்ளியைக் கூரான பென்சிலால் சிறிய பெருக்கல் குறியாகப் போடுங்கள். பருத்த பொட்டு வைத்தால் அதன் அகலமே ஒரு செ.மீ./வி-க்கு வந்துவிடும்.

கோடு போடும்போது முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைக்க வேண்டாம். எல்லாத் திசைவேகங்களின் சராசரி 43.9, எல்லா நடு நேரங்களின் சராசரி 0.40. இந்த (0.40, 43.9) என்ற இடத்தைத் தாளில் லேசாகக் குறியுங்கள். மிகச் சிறந்த நேர்க்கோடு இதன் வழியாகத்தான் போகும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை அங்கே நிறுத்தி, அதைச் சுற்றி மெதுவாகத் திருப்பி, கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகள் சமமாகச் சிதறும் நிலையில் கோட்டை இழுங்கள். 16, 40, 64 ஆகியவை கோட்டின் மேலேயே ஏறக்குறைய விழும். 25, 57 சற்று மேலே, 31, 47, 71 சற்றுக் கீழே. ஆதிப்புள்ளி வழியாகப் போகும்படி கோட்டை வளைத்து இழுக்காதீர்கள். அந்த ஆசை சாய்வை அநியாயத்துக்குக் கூட்டிவிடும்.

சாய்வுக்கு எடுக்கும் இரண்டு இடங்களும் கோட்டின் மேல் இருக்கவேண்டும், அட்டவணையில் இருக்கவேண்டியதில்லை. அட்டவணைப் புள்ளிகளையே எடுத்தால் கோடு வரைந்ததற்கே அர்த்தமில்லை. நேரத்தைப் படிக்க எளிதான, ஒன்றுக்கொன்று தூரமான இடங்களாக எடுங்கள். t = 0.10-இல் கோட்டின் உயரம் 20.0. t = 0.70-இல் 67.5. ஆகவே:

சாய்வு = (67.5 − 20.0) / (0.70 − 0.10) = 47.5 / 0.60 = 79 செ.மீ./வி² = 0.79 மீ/வி²

முக்கோணம் சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 0.10-க்கும் 0.20-க்கும் இடையே எடுத்தால் கோடு ஏறுவது 8 அளவுதான். கோட்டைப் படிப்பதில் ஒரு சிறு கட்டம் பிசகினாலே 8 என்பது 7.5 ஆகவோ 8.5 ஆகவோ மாறி, சாய்வு 75 அல்லது 85 என்று வந்துவிடும். பெரிய முக்கோணத்தில் அதே பிசகு 47.5-இல் கரைந்துபோகும். ஒரே கோட்டில் ஒவ்வொரு முறையும் வேறு சாய்வு வருகிறது என்று சொல்பவர்களின் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் மூலையில் ஒரு குட்டி முக்கோணம்தான் இருக்கும்.

கோணமானி வைத்துக் கோணம் அளந்து tan போடுவது கூடாது. இந்த அளவுத்திட்டத்தில் கோணம் 38 பாகைக்குக் கொஞ்சம் மேலே வரும், அதன் tan 0.79. ஆஹா, சரியான விடை என்று தோன்றும். அது தற்செயல்: நெடுக்கில் 5, கிடைமட்டத்தில் 0.05 என்று எடுத்ததால் இரண்டுக்கும் விகிதம் சரியாக 100 ஆகி, செ.மீ.-ஐ மீட்டராக மாற்றும் 100-உடன் பொருந்திவிட்டது. y அச்சில் 1 செ.மீ. = 10 என்று மாற்றிப் பாருங்கள்; கோணம் 22 பாகைக்குப் பக்கத்தில் விழும், tan 0.40 ஆகும். ட்ராலி அதே ட்ராலிதான். சாய்வு என்பது அச்சில் எழுதிய மதிப்புகளின் வகுத்தல், தாளில் தெரியும் சரிவு அல்ல.

வரைபடமே எதற்கு, அடுத்தடுத்த திசைவேகங்களைக் கழித்து 0.1-ஆல் வகுத்து ஏழு முடுக்கங்களின் சராசரி எடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசங்கள் 9, 6, 9, 7, 10, 7, 7. கூட்டினால் 55, ஏழால் வகுத்தால் 7.86, முடுக்கம் 78.6. விடை நெருங்கித்தான் வருகிறது. ஆனால் அந்த 55 என்பது எது? 71-இலிருந்து 16-ஐக் கழித்தது. நடுவில் இருக்கும் ஆறு அளவீடுகளும் ஒருமுறை கூட்டப்பட்டு ஒருமுறை கழிக்கப்பட்டு மறைந்துவிட்டன. எட்டு அளவீடு எடுத்து இரண்டை மட்டும் பயன்படுத்தியதுபோல் ஆகிறது. முதல் துண்டில் பிழை இருந்தால் விடை முழுவதும் அதைச் சுமக்கும். கோடு போடும்போதுதான் எட்டுப் புள்ளிகளுக்கும் வாக்கு கிடைக்கிறது.

கணினியில் சரிபார்க்க வேண்டுமென்றால், நடு நேரம் A2 முதல் A9 வரையும் திசைவேகம் B2 முதல் B9 வரையும் இருக்கும்படி எழுதிவிட்டு:

```
=SLOPE(B2:B9,A2:A9)
=INTERCEPT(B2:B9,A2:A9)
```

79.2, 12.2 என்று வரும். நெடுக்கு அச்சின் நிரல் முதலில் வரவேண்டும். மாற்றிப் போட்டால் 0.0126 என்று ஒரு விசித்திரமான எண் வரும். அது ஏறக்குறைய 79-இன் தலைகீழி, அலகும் தலைகீழ்.

இப்போது நீங்கள் கேட்ட ஆதிப்புள்ளி விஷயம். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவேண்டுமென்றால் t = 0 என்பது ட்ராலி நகரத் தொடங்கிய கணமாக இருக்கவேண்டும். ஆனால் நாடாவின் தொடக்கத்தில் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று குத்தி ஒரே கருந்திட்டாக இருக்கும். டைமரை முதலில் ஓடவிட்டுப் பிறகுதான் ட்ராலியை விடுகிறோம், ஆகவே நிற்கும் நாடாவில் அது குத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திட்டை விட்டுவிட்டு, தனியாகத் தெரியும் முதல் புள்ளியைத்தான் '0' என்று எடுக்கிறோம். அதற்குள் ட்ராலி வேகம் பிடித்திருக்கும். அந்தக் கணத்துத் திசைவேகம்தான் 12 செ.மீ./வி. அது பிழை அல்ல, u-வின் மதிப்பு.

இதை நாடாவிலேயே சரிபார்க்கலாம். கோட்டை இடப்பக்கம் நீட்டினால் அது நேர அச்சை 12.2 / 79.2 = 0.154, அதாவது −0.15 வினாடியில் வெட்டும். ட்ராலி கையை விட்டுக் கிளம்பியது அப்போதுதான். அந்த 0.15 வினாடியில் அது கடந்த தூரம் u²/2a, கணக்கிட்டால் 0.94 செ.மீ. உங்கள் நாடாவில் கருந்திட்டிலிருந்து '0' குறி வரை அளந்து பாருங்கள், 9 மி.மீ. பக்கம் இருக்கவேண்டும். நண்பரின் 8-ஐ வைத்துக் கணக்கிட்டால் 4 மி.மீ. வரும். யார் சொன்னது சரி என்பதை நாடாவே தீர்த்துவைக்கும். திட்டில் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாவிட்டாலும் இந்தத் தூரத்தை அளக்கலாம். ஒருவேளை 9-க்கு மிகவும் கூடுதலாக, 2 செ.மீ. போல இருந்தால், தொடக்கத்தில் நாடா எங்கோ சிக்கி இழுபட்டிருக்கிறது, அல்லது விடும்போது கை ட்ராலியோடு சற்றுத் தூரம் கூடவே போயிருக்கிறது.

விடையை எவ்வளவு நம்பலாம்? அளவுகோலில் ஒரு குறியைப் படிப்பதில் அரை மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். துண்டின் நீளம் இரண்டு குறிகளின் வித்தியாசம், ஆகவே மோசமான நிலையில் 1 மி.மீ. அதாவது ஒவ்வொரு திசைவேகத்திலும் 1 செ.மீ./வி. முதல் துண்டில் அது 16-இல் 1, ஆறு சதவீதம். கடைசியில் 71-இல் 1, ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. 0.05 வினாடியில் 15, 0.75-இல் 72 வழியாகச் செங்குத்தான கோடு ஒன்று போட்டால் சாய்வு 81. 17, 70 வழியாகப் படுத்த கோடு போட்டால் 76. ஆகவே விடையை 0.79 ± 0.03 மீ/வி² என்று எழுதலாம். கணிப்பானில் வந்தது என்பதற்காக 0.79167 என்று எழுதினால் பின்னால் இருக்கும் மூன்று இலக்கங்களுக்கும் ஆதாரமில்லை.

இதைக் குறைக்க வழி, இன்னும் நுணுக்கமாக அளப்பது அல்ல, நாடாவை நீட்டுவது. உங்கள் சாய்தளத்தில் இன்னும் இடம் மிச்சமிருக்கிறது. இதே முடுக்கத்தில் ட்ராலி 1.4 வினாடியில் சுமார் 95 செ.மீ. போகும். ஆக ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நாடா இருந்தால் 14 துண்டு கிடைக்கும். மேலே போட்ட கணக்கில் ±1 என்பது அப்படியே இருக்க, அதை வகுக்கும் நேரம் 0.70-இலிருந்து 1.30 ஆக நீளும், பிழை பாதியாகிவிடும். ஆனால் ட்ராலி கீழ்த் தடுப்பில் மோதிய துண்டைச் சேர்த்துவிடக் கூடாது. கடைசிப் புள்ளி மட்டும் கோட்டுக்கு வெகுவாகக் கீழே விழுந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கடைசியாக, நீங்கள் சாய்தளத்தின் அளவைக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் ஒரு ஒப்பீடு. 15 செ.மீ. உயரம், 150 செ.மீ. நீளம், ஆகவே sin θ = 0.10. உராய்வே இல்லையென்றால் முடுக்கம் g sin θ = 0.98 மீ/வி² ஆக இருக்கவேண்டும். கிடைத்தது 0.79. இந்த 0.19 வித்தியாசம் நாம் கண்ட ±0.03-ஐவிட மிகப் பெரியது, ஆகவே இதை அளவீட்டுப் பிழை என்று எழுதிவிட முடியாது. சக்கரங்களின் உராய்வும், கார்பன் தாளுக்கு அடியில் நாடா உரசிக்கொண்டு வருவதும் சேர்ந்து தின்ற பங்கு அது. இதே அளவு சாய்வில் சோதனையை நூறு முறை செய்தாலும் சராசரி 0.98-க்கு நகராது.

இது வெறும் சமாதானமா உண்மையா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. உராய்வு 0.19 மீ/வி² தின்கிறது என்றால், அதை ஈடுகட்டத் தேவையான sin θ = 0.19 / 9.8 = 0.019. 150 செ.மீ. பலகைக்கு அது சுமார் 3 செ.மீ. உயரம். பலகையின் முனையை 15-இலிருந்து 3 செ.மீ.-க்கு இறக்கி, நாடாவைக் கோத்து, ட்ராலியை லேசாக ஒரு தள்ளுத் தள்ளி விடுங்கள். புள்ளிகள் சம இடைவெளியில் விழுந்தால், அதாவது திசைவேகம்–நேரம் வரைபடம் கிடைமட்டக் கோடாக வந்தால், காணாமல் போன 0.19 உராய்வுதான். இடைவெளிகள் குறுகிக்கொண்டே வந்தால் உராய்வு நினைத்ததைவிடக் கூடுதல். விரிந்துகொண்டே போனால் குறைவு, அப்போது 15 செ.மீ. என்ற உயரத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்று பார்க்கவேண்டும். பலகையின் மேல்பரப்பு ஒரு முனையில் மற்ற முனையைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அடியில் வைத்த கட்டையின் உயரம் மட்டும் அல்ல, அந்தக் கட்டை பலகையின் நுனியில் இல்லாமல் சற்று உள்ளே தள்ளி இருந்தால் இரண்டும் வேறுபடும்.